பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொடு

நம் வீட்டுக் குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு மஞ்சள் அட்டை தொங்குகிறதே, அது எதற்கு என்று நீங்கள் இரண்டு பேரும் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். ஓரம் மடங்கி, ஈரம் பட்டு மை கொஞ்சம் பரவிப்போன அட்டை. அதில் பெரிதாக ஒரு சொல்லும், கீழே சில வரிகளும் இருக்கின்றன. அவ்வளவையும் எழுதி முடிக்க எனக்கு ஒரு முழுப் பகல் ஆனது. அதற்கு முன்னால் ஒரு பெரிய தப்பும் நடந்தது. தப்பு என்னுடையது. அதை நானே எழுதி வைத்துவிடுவது நல்லது.

நான் பத்தாம் வகுப்புப் படித்து, ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் முடித்தவன். கோவில்பட்டியில் வாட்டர் ஹீட்டர் ராடு செய்யும் சின்னக் கம்பெனியில் சர்வீஸ் மேஜை என்னுடையது. ராடு என்றால் தெரியுமே, வாளியில் தொங்கவிட்டு சுவிட்சைப் போட்டால் தண்ணீர் காயும். உள்ளே சூடாகும் கம்பி, அதைச் சுற்றிக் கரண்ட்டை வெளியே விடாத வெள்ளை மாவு, அதற்கு மேல் உலோக உறை. உறை நன்றாக இருக்கும்வரை கரண்ட் தண்ணீருக்கு வராது. உறையில் நூல் போல ஒரு விரிசல் விழுந்தால் வரும். நம் ஊர் போர் தண்ணீரில் உப்பு அதிகம். அது ராடின்மேல் சுண்ணாம்பு போலப் படியும், படிந்த இடம் அளவுக்கு மீறிக் காயும், பிறகு அங்கேதான் வெடிப்பு விழும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

எங்கள் முதலாளி தீப்பெட்டித் தொழிலில் இருந்தவர். அது சுணங்கியபோது அதே ஷெட்டில் ராடு போட ஆரம்பித்தார். முதல் இரண்டு வருடம் பெட்டிக்குள் ஓர் இங்கிலீஷ் தாள்தான் வைத்தோம். அதை யாரும் படித்ததில்லை. ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, நம்ம சனத்துக்கு நம்ம பாசையில ஒரு புஸ்தகம் போடணும். எட்டுப் பக்கம் போதும். எப்படிப் போடணும், எதைச் செய்யக் கூடாது, எல்லாம் வரணும். நீயே எழுதிரு.”

“எனக்கு எழுத வராதே அண்ணாச்சி.”

“எழுதத் தெரிஞ்சவனுக்கு ராடு தெரியல. உனக்கு ராடு தெரியுதுல்லா. பெறவு என்ன?”

மதுரையில் எங்கள் ராடைச் சோதித்துப் பார்க்கும் லேப்பிலிருந்து ஒரு தாளும் வந்திருந்தது. எச்சரிக்கைகளை மூன்று படியாகப் பிரிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. தவிர்க்காவிட்டால் சாவோ படுகாயமோ நேரும் என்றால் ‘அபாயம்’. நேரலாம் என்றால் ‘எச்சரிக்கை’. சிறு காயம் படலாம் என்றால் ‘கவனம்’. பொருளுக்கு மட்டும் கேடு என்றால் முக்கோணக் குறி கூடாது, ‘குறிப்பு’ என்று போட்டால் போதும். ஒவ்வொன்றிலும் என்ன கேடு, அதனால் என்ன ஆகும், தப்பிக்க என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றும் இருக்க வேண்டும்.

படித்தேன், புரிந்தது. புரிந்தது என்றுதான் நினைத்தேன்.

பிறகு என் சர்வீஸ் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். எந்தப் புகார் அதிகம் வந்திருக்கிறது என்று பக்கம் பக்கமாகப் பார்த்தேன். எல்லாவற்றையும்விட அதிகம், தண்ணீர் போதாமல் எரிந்துபோன ராடு. நம் பக்கம் நாலைந்து நாளுக்கு ஒருமுறைதானே குழாயில் தண்ணீர் வருகிறது. ஒரு வாளி முழுக்க யார் காய்ச்சுவார்கள்? அரை வாளியில் ராடைத் தொங்கவிடுவார்கள். பாதி ராடு தண்ணீருக்கு மேலே நின்று சிவந்து எரிந்து போகும். தண்ணீர் எதுவரை நிற்க வேண்டும் என்று ராடின்மேல் ஒரு கோடு உண்டு, அதை யாரும் பார்ப்பதில்லை. அதையே முதலில் எழுதினேன். முக்கோணக் குறி போட்டு, கொட்டை எழுத்தில்: ‘எச்சரிக்கை! தண்ணீர் எப்போதும் கோட்டுக்கு மேல் இருக்க வேண்டும். குறைந்தால் உடனே நிரப்பவும்.’ அதற்குக் கீழே பிளக் கருகுவது, பிடி உருகுவது, வயர் இளகுவது என்று நோட்டில் வந்த வரிசைப்படியே இருபத்திரண்டு. சுவிட்ச் போட்டிருக்கும்போது தண்ணீரைத் தொடக் கூடாது என்பது பதினாறாவதாக வந்தது. அந்தப் புகாரோடு ஒருவரும் என் மேஜைக்கு வந்ததில்லை.

அதிலும் நான் ‘தொட்டால் சாவு நேரும்’ என்று எழுதியிருந்தேன். முதலாளி பேனாவால் அடித்தார்.

“மொதப் பக்கத்துல பிள்ளையார் சுழி போட்டுருக்கோம். அதே புஸ்தகத்துல சாவுன்னு எழுதினா வீட்டுக்கு வாங்கிட்டுப் போறவன் என்ன நெனைப்பான்? விளங்குமா?”

“அப்ப என்ன போட அண்ணாச்சி?”

“மின்கசிவு ஏற்படலாம்னு போடு. புரிஞ்சவனுக்குப் புரியும்.”

போட்டேன். அச்சகத்துக்காரர் தீப்பெட்டி லேபிள் ஓட்டுகிறவர். மெஷினில் சிவப்பு மை கிடக்கிறது என்று சொல்லி இருபத்திரண்டையும் சிவப்பிலேயே ஓட்டிக் கொடுத்தார். பார்க்கக் கல்யாணப் பத்திரிகை போல இருந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. என் எழுத்து அச்சில் வந்தது அதுதான் முதல் தடவை.

கார்த்திகை மாதம். பெட்டிகள் கட்டி முடிந்து, மறுநாள் பதினோரு மணிக்கு லாரி வருவதாக ஏற்பாடு. அன்று சாயங்காலம் ஒரு ராடும் ஒரு புத்தகமும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். காலையில் உங்கள் அம்மாவிடம் கொடுத்து, “நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இதைப் படிச்சுப் பாத்து நீயே வெந்நி போடு” என்றேன். என் புத்தகம் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று அவள் வாயால் கேட்க வேண்டும் என்பதுதான் உள்ளே இருந்த ஆசை.

அம்மா ஒழுங்காகப் படித்தாள். அவள் எதையும் ஒழுங்காகப் படிப்பவள். வாளியைக் கோடு வரை நிரப்பி, ராடைத் தொங்கவிட்டு, அதன்பின்தான் சுவிட்சைப் போட்டாள். புத்தகத்தைத் திறந்தபடியே இடது கையில் வைத்துக்கொண்டாள். சின்னவளே, நீ துண்டைக் கட்டிக்கொண்டு அவள் முந்தானையைப் பிடித்து நின்றாய். அப்போது உனக்கு நாலு வயது. பெரியவனுக்கு ஷூ மாட்டிவிட்டு நான் குளியலறை வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் சூடேறி ஆவி வந்தது. உன் முகம் கழுவ என்று அம்மா சுவிட்சைப் போடுவதற்கு முன்னமே இரண்டு கை தண்ணீர் எடுத்திருந்ததால் கோடு லேசாக வெளியே தெரிந்தது. அவள் புத்தகத்தைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள். பிறகு பக்கத்துக் குடத்திலிருந்து எவர்சில்வர் செம்பில் தண்ணீர் மோந்து, வாளி விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஊற்றப் போனாள். நீயும் எட்டிப் பார்த்து வாளிப் பக்கம் கையை நீட்டினாய்.

காலால் கதவை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடி சுவிட்சை அடித்தேன். பிளக்கையும் பிடுங்கினேன். செம்பு கீழே விழுந்து உருண்டது. நீ அழ ஆரம்பித்தாய்.

“என்ன பண்ணுதீய? பிள்ளை பயந்துட்டுல்லா” என்றாள் அம்மா.

“தண்ணிக்குள்ள கை போயிருக்கும். சுவிட்ச் போட்டிருக்கு.”

“நீங்கதான எழுதியிருக்கீய. குறைஞ்சா உடனே நிரப்பவும்னு. நான் என்ன என் சொந்தப் புத்தியிலயா செஞ்சேன்?”

அவள் புத்தகத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். கொட்டை எழுத்து. சிவப்பு மை. ‘உடனே’ என்ற சொல். சுவிட்சை அணைத்துவிட்டு நிரப்பு என்று நான் எங்கேயும் எழுதவில்லை.

“தொடக் கூடாதுன்னு உள்ள இருக்கு” என்றேன், ஈனமான குரலில்.

“எங்கன?”

பதினாறாவதைக் காட்டினேன். அவள் வாய்விட்டுப் படித்தாள். “‘மின்கசிவு ஏற்படலாம்.’ சரி. கசிஞ்சா என்ன ஆகும்?”

“ஆள் செத்துப் போயிரும்.”

அம்மா புத்தகத்தை மூடினாள். உன்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள். “அப்ப அதை எழுத வேண்டியதுதான” என்றாள்.

அந்த ராடு புதிது. அன்று அவள் கை பட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் நான் புத்தகம் எழுதியது அன்றைக்கு மட்டும் இல்லையே. உப்பு படிந்து உறை வெடித்த பிறகும் அந்த வீட்டில் என் புத்தகம்தான் இருக்கும். அது அவர்களிடம், கோட்டைப் பார், குறைந்தால் உடனே ஊற்று என்றுதான் சொல்லும். கம்பெனிக்குச் சைக்கிளில் போகும்போதுதான் எனக்கு உறைத்தது. என் நோட்டில் வந்தவர்கள் எல்லாரும் ராடு செத்துப்போனவர்கள். ஆள் செத்துப்போன வீட்டிலிருந்து யாரும் ராடைத் தூக்கிக்கொண்டு சர்வீஸுக்கு வருவதில்லை. நான் அடிக்கடி நடப்பதை மேலே வைத்தேன். நடந்தால் திருப்ப முடியாததை வைத்திருக்க வேண்டும்.

போனதும் முதலாளியிடம் சொன்னேன். அவர் கேட்கவில்லை.

“ஒங்க வீட்டுல அவசரப்பட்டாக. அதுக்கு லாரியை நிறுத்தணுமா? புஸ்தகம் பளிச்சுனு இருக்குய்யா.”

“எல்லாமே பளிச்சுனு இருக்கு அண்ணாச்சி. அதான் எதுவும் கண்ணுல படல.”

“நீதானல எழுதுன?”

“நான்தான். தப்பா எழுதிட்டேன்.”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் என் வேலை ஆடிக்கொண்டிருந்தது. பேசிப் பயனில்லை என்று தெரிந்தது. பெட்டி கட்டும் பக்கம் போய் ஒரு புத்தகத்தை எடுத்து, அங்கே வேலை செய்யும் ஆறு பெண்களிடமும் ஒவ்வொருவராகக் காட்டிக் கேட்கும்படி முதலாளியிடமே சொன்னேன். கேள்வி ஒன்றுதான்: இதில் ஆளைக் கொல்லக்கூடியது எது?

முதல் பெண் பக்கத்தைத் திறந்ததுமே விரலை வைத்தாள். “தண்ணி குறையுதது.” அடுத்தவளும் அதுதான். மூன்றாவது ஆள், “கோட்டுக்குக் கீழ போனா வெடிச்சிருமோ அண்ணாச்சி? எங்க வீட்டுல அரை வாளிதான் வைப்போம்” என்று பயந்துபோய்க் கேட்டாள். ஆறாவது ஆள் மட்டும் கொஞ்சம் தாமதித்துப் பிளக்கைக் காட்டினாள். தண்ணீரில் கை வைப்பதை ஒருத்தியும் காட்டவில்லை.

“தண்ணியத் தொட்டா?” என்று முதலாளியே கேட்டார்.

“வெந்நி ஆயிட்டான்னு தொட்டுத்தான பாப்போம்” என்றாள் முதல் பெண். “வேற எப்படிப் பாக்கது?” மற்றவர்கள் சிரித்தார்கள்.

முதலாளி சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார், திரும்ப வைத்தார். வாசலுக்குப் போய் லாரிக்காரனுக்குப் போன் போட்டு, “இன்னைக்கு வராத” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “பிள்ளையார் சுழியை எடுத்துருவோம். அந்த எடத்துல அதப் போடு. நீ மொதல்ல எழுதினயே, அதே சொல்லு” என்றார்.

எனக்கு ஒரு சந்தேகம் மீதி இருந்தது. நல்ல ராடில் தொட்டாலும் ஒன்றும் ஆகாதே, அப்படியானால் அது முதல் படியா, இரண்டாம் படியா? மதுரை லேப்பில் எங்கள் ராடைச் சோதிக்கும் மேடத்துக்குப் போன் செய்து கேட்டேன். “கரண்ட் வந்த தண்ணிக்குள்ள கை இருந்தா என்ன ஆகும்னு பாருங்க. அதுக்கு ‘அபாயம்’ போடலாம்” என்றார். “ஆனா அந்தச் சொல்லை ஒரே ஒரு இடத்துலதான் போடணும். ரெண்டு இடத்துல போட்டா பாதி பலம் போயிரும். பெட்டிக்குள்ள கிடக்கிற புத்தகத்துல மட்டும் போடாதீங்க. கை போற இடத்துல தொங்கவிடுங்க.”

கை போகிற இடம் என்றால் பிளக். பிளக்குக்குப் பக்கத்து வயரில் கட்டுகிற மாதிரி ஓர் அட்டை. சர்வீஸ் மேஜையில் கிடந்த மஞ்சள் அட்டையை வெட்டி, சிவப்பு மார்க்கரால் எழுதினேன்: அபாயம். சுவிட்ச் போட்டிருக்கும்போது தண்ணீரைத் தொட்டால் சாவு நேரும். சுவிட்சை அணைத்துவிட்டுத் தொடு. சிவப்பு அவ்வளவுதான். தண்ணீர் குறைந்தால் ராடு எரிந்து தீப்பிடிக்கலாம் என்பது எச்சரிக்கையாக இரண்டாவது படிக்குப் போயிற்று. அதில் ‘நிரப்பவும்’ என்பதற்கு முன்னால் ‘அணைத்துவிட்டு’ வந்தது. ராடு சூட்டில் கை சுடுவது கவனம். மற்றது குறிப்பு. அச்சகத்துக்காரர் போனில், “சிவப்பு மை மெஷின்ல சும்மா கிடக்கு, எல்லாத்துக்கும் போட்டுத் தாரேனே” என்று திரும்பவும் கேட்டார். வேண்டாம் என்றேன்.

அப்போதுதான் பெட்டி கட்டும் பெண் ஒருத்தி, நேற்று பஸ்ஸில் பார்சலாகக் கழுகுமலைக் கடைக்கு மூன்று ராடு போயிருக்கிறதே என்றாள்.

உடனே போனை எடுத்தேன். கடைக்கு அடித்தேன். போன் அணைந்திருந்தது. மறுபடி அடித்தேன், அதே பதில். முதலாளி என்னைப் பார்த்தார். “போய்ட்டு வாரேன்” என்றேன். அதே போல எழுதிய மூன்று அட்டை, ஒரு டெஸ்டர், மார்க்கர் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தும் வெளியே பார்க்கத் தோன்றவில்லை. கம்பு விதைத்த கரிசல் காடு ஓடிக்கொண்டிருந்தது என்பதுகூடப் பிறகு நினைத்துக்கொண்டதுதான். மூன்று பெட்டியும் கடைத் தட்டிலேயே இருந்துவிட வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டே போனேன்.

இறங்கும்போது மணி நாலரை. கடைவீதி முழுக்க விளக்கில்லை. கடைக்கார பாய் அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“வாங்க அண்ணாச்சி. காலையிலேர்ந்து கரண்ட் இல்ல. மாசாமாசம் லைன் வேலைன்னு நிறுத்துவானுவல்லா. போனுல சார்ஜும் போச்சு.”

“ராடு மூணு வந்துச்சே பாய். இருக்கா?”

“ரெண்டு இருக்கு. ஒண்ணு காலையில போச்சு. ஏன், பழுதா?”

“ராடு பழுதில்ல. புஸ்தகம் பழுது.”

பாய் விசிறுவதை நிறுத்தினார். “புஸ்தகத்துல என்ன பழுதுங்கேன்?”

சொன்னேன். அவர் எழுந்து இரண்டு பெட்டியையும் தட்டிலிருந்து எடுத்து உள்ளே வைத்தார். “வாங்கினது தீப்பெட்டி ஆபீஸுக்குப் பின்னால தெருவு. தங்கச்சி பேறுகாலத்துக்கு வந்திருக்கு, பச்ச உடம்புக்கு வெந்நி ஊத்தணும்னுதான் அந்தப் பையன் வாங்கினான். நீலக் கதவு. அங்கன யாரைக் கேட்டாலும் சொல்லுவாக.”

“கரண்ட் எப்ப வரும்?”

“அஞ்சு மணின்னு சொல்லியிருக்கான். சில நாளு முன்னாலயே விட்டுருவான்.”

நான் நடக்கவில்லை, ஓடினேன். அந்த வயதில் ஒரு ஆள் தெருவில் டெஸ்டரோடு ஓடினால் எப்படிப் பார்ப்பார்கள் என்று தெரியும். பார்த்தார்கள். தெருமுனையில் ஒருவர், “யாரைத் தேடுதீரு?” என்று மறித்தார். நீலக் கதவு என்றேன். “இங்கன நாலு வீடு நீலம்” என்றார். பிள்ளை பெற்ற வீடு என்றதும் கையைக் காட்டினார்.

கதவு திறந்திருந்தது. முற்றத்தில் தகர வாளி. என் ராடு அதில் தொங்கிக்கொண்டிருந்தது. பிள்ளை பெற்றவளின் மதினியாக இருக்க வேண்டும், ஒரு பெண் வாளிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். வலது கை மணிக்கட்டு வரை தண்ணீருக்குள் இருந்தது. விரலால் கோட்டைத் தடவி, தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் என் புத்தகம் முதல் பக்கத்தில் திறந்து கிடந்தது.

“கையை எடும்மா. கையை எடு.”

அவள் நிமிர்ந்தாள். “யாரு நீங்க?”

“கம்பெனியில இருந்து வாரேன். மொதல்ல கையை எடு.”

“கரண்ட்டே இல்லையே” என்றாள். கை வெளியே வரவில்லை. உள்ளே குழந்தை சிணுங்கியது.

சுவிட்ச் எங்கே என்று தேடினேன். வயர் ஜன்னல் வழியாக உள்ளே போயிருந்தது. யாரையும் கேட்காமல் செருப்போடு வீட்டுக்குள் போனேன். கட்டிலில் பிள்ளை பெற்றவள் பதறிப்போய் எழுந்து உட்கார்ந்தாள். சுவரில் சுவிட்ச் போட்டே இருந்தது. கரண்ட் வந்தால் தண்ணீர் தானாகக் காயட்டும் என்று முன்னமே போட்டு வைத்திருக்கிறார்கள். நாமும்தானே கரண்ட் போன நேரத்தில் ஃபேன் சுவிட்சை அணைப்பதில்லை. அணைத்தேன், பிளக்கைப் பிடுங்கினேன். மூன்று ஊசியில், கசியும் கரண்ட்டை மண்ணுக்கு இறக்கிவிடும் எர்த்துக்கான பெரிய ஊசியை உடைத்து, இரண்டு துளையுள்ள பிளக் பாயிண்டில் சொருகியிருந்தார்கள். உறை வெடித்திருந்தால் கரண்ட் போக அந்தப் பெண்ணின் கையைத் தவிர வேறு வழி இருந்திருக்காது.

பிளக்கை ஜன்னல் வழியாக வெளியே தள்ளிவிட்டு முற்றத்துக்கு வந்து, அதைக் கையில் எடுத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன்.

“நல்லா இருக்கே” என்றாள் அந்தப் பெண், கோபமாக. “பிள்ளை பெத்தவ இருக்கிற வீட்டுக்குள்ள செருப்புக் காலோட. கரண்ட் இல்லாத நேரத்துல கை வச்சா என்ன வந்துரும்?”

“சுவிட்ச் போட்டுக் கிடந்துச்சும்மா.”

“போட்டாத்தான வந்ததும் சுடும்.”

“ஒன் கை உள்ள இருக்கும்போது வந்தா?”

அவள் கையை வெளியே எடுத்தாள். கையை முந்தானையில் துடைத்தாள். தேவைக்கு மேல் நேரம் துடைத்தாள். பிறகு புத்தகத்தை எடுத்து நீட்டினாள். “இதுல கோட்டுக்கு மேல இருக்கணும்னுதான் போட்டுருக்கு. அதான் அளந்து பாத்தேன்.”

“அதை எழுதினது நான்தான்.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு, என் பையிலிருந்த மஞ்சள் அட்டையை எடுத்தேன். கொடுக்கப் போனபோதுதான் நான் எழுதியிருந்ததையே வாசித்தேன். ‘சுவிட்ச் போட்டிருக்கும்போது.’ ‘சுவிட்சை அணைத்துவிட்டுத் தொடு.’ இந்த வீட்டில் அது போதாது. சுவிட்ச் உள்ளே இருக்கிறது, தண்ணீர் வெளியே இருக்கிறது. கரண்ட் இல்லாத நேரத்தில் சுவிட்ச் போட்டிருக்கிறதா இல்லையா என்று இவளுக்கு எப்படித் தெரியும்? விளக்கு எரியவில்லை, ஃபேன் சுற்றவில்லை, ஆகவே ஆபத்தில்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். பிளக் பாயிண்டிலிருந்து வெளியே இருக்கிறதா என்பதை மட்டும் கண்ணால் பார்க்க முடியும்.

அந்தச் சுவரோரத்திலேயே அட்டையின் பின்பக்கத்தில் மறுபடி எழுதினேன்.

அபாயம்.
ராடு மாட்டியிருக்கும் தண்ணீரைத் தொட்டால் சாவு நேரும். கரண்ட் இல்லாத நேரத்திலும்.
சுவிட்சை அணை. பிளக்கைப் பிடுங்கு. பிளக்கைக் கண்ணால் பார். பிறகு தொடு.

அதை வாளிப் பக்கமாக வயரில் கட்டிக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டது. தெருவில் யார் வீட்டிலோ டிவி அலறியது. மணி ஐந்து ஆகியிருக்கவில்லை. அந்தப் பெண் வாளியைப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த பிளக்கைப் பார்த்தாள்.

பிளக் பாயிண்டை மூன்று துளை உள்ளதாக மாற்றி எர்த் போடும்வரை இந்த ராடு வேண்டாம் என்றேன். ராடு வாங்கிய அவள் கணவர் வந்ததும், பக்கத்துத் தெருவில் எர்த் உள்ள வீட்டில் காய்ச்சிக்கொள்ள ஏற்பாடாயிற்று. உடைந்த பிளக்கை மாற்றிக் கொடுத்தேன். அந்த வீட்டில் அவளே ராடைப் போட்டாள். நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கதவோரம் நின்று பார்த்தேன். அன்று காலையில் நம் வீட்டு வாசற்படியில் நின்றது போலத்தான் நின்றேன். ஆனால் இந்த முறை புகழைக் கேட்கும் ஆசை எதுவும் இல்லை.

ஆவி வந்தது. அவள் கை வாளிக்கு மேலே போனது. வயரில் தொங்கிய அட்டை முழங்கையில் தட்டியது. கை நின்றது. எழுந்து போய் சுவிட்சை அணைத்தாள், பிளக்கைப் பிடுங்கினாள், அதை எனக்குத் தெரியும்படி ஒருமுறை தூக்கிக் காட்டினாள். பிறகு வந்து தண்ணீரில் விரலை வைத்தாள்.

“காணும்” என்றாள். போதும் என்று அர்த்தம். பிறகு, “இத மொதல்லயே போட என்னவாம்?” என்று கேட்டாள்.

கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் ஊர் வந்து, மீதி இருந்த ஓர் அட்டையின் பின்பக்கத்தில் அதையே எழுதி, முதலாளியிடம் இரண்டு பக்கத்தையும் காட்டினேன். அவர் பின்பக்கத்தை இரண்டு முறை படித்துவிட்டு, “‘கண்ணால் பார்’ங்கிறது ரொம்ப முக்கியம், அதை எடுத்துராத” என்றார். அடுத்த வாரம் அப்படியே அச்சாயிற்று. சிவப்பில் அது மட்டும். புத்தகத்தின் முதல் பக்கத்திலும் அதுவே.

கழுகுமலை வீட்டில் கட்டிய அட்டையை, அச்சிட்டது வந்த பிறகு போய் மாற்றிவிட்டு, பழையதை நான் எடுத்து வந்துவிட்டேன். குளியலறைக் கதவில் தொங்குவது அதுதான். ஒரு பக்கம் நான் சரி என்று நினைத்து எழுதியது. மறுபக்கம் அந்த முற்றத்தில் உட்கார்ந்து எழுதியது. குளிக்கப் போகும்போது நீங்கள் எப்போதும் மறுபக்கம் தெரியும்படி திருப்பி மாட்டுங்கள்.